கோத்தகிரி கான்ட்ராக்டர்கள் கவனத்துக்கு: வேலிடிட்டி முடிந்தாலும் பேங்க் கியாரண்டி முடியாது

கோத்தகிரி பக்கம் ஒரு தனியார் ரிசார்ட்டுக்குத் தடுப்புச்சுவர் கட்டும் வேலையை என் மச்சான் எடுத்திருந்தார். மதிப்பு 60 லட்சம். அதில் ஐந்து சதவீதம், 3 லட்சத்துக்கு பேங்க் கியாரண்டி கேட்டார்கள். கோயம்புத்தூர் ஏஜென்ட் ஒருவர் கமிஷன் வாங்கிக்கொண்டு, ரிசார்ட் கொடுத்த வாசகத்தை அப்படியே போட்டு வாங்கித் தந்தார். அதற்கு ஈடாக மச்சானின் எஃப்டியை பேங்க் பிடித்துவைத்தது. "2024 மார்ச் 31 வரைதான் சார், அப்புறம் எஃப்டி உங்களுக்கு வந்துடும்" என்றார். அது பொய்.

2025 ஜனவரியில் ரிசார்ட் பேங்குக்கு ஒரு கடிதம் அனுப்பியது. சில நாளில் பணம் போய்விட்டது, எஃப்டி உடைக்கப்பட்டது. "தேதி முடிஞ்சு பத்து மாசம் ஆகுதே மாமா?" என்று மச்சான் பத்திரத்தோடு வந்தார். லோன் செக்‌ஷனில் வேலை பார்த்தவன் என்பதால் உட்கார்ந்து படித்துக் காட்டினேன்.

அதில் இரண்டு தேதிகள் இருந்தன. மார்ச் 31, 2024 வேலிடிட்டி: குறை அதற்குள் நடந்திருக்க வேண்டும். அடுத்த பத்தியில் மார்ச் 31, 2025 கிளைம் தேதி: அந்தக் குறைக்காகப் பணம் கேட்கும் கடிதம் அதற்குள் பேங்குக்கு வந்து சேர வேண்டும். 2023 நவம்பர் மழையில் வேலை தாமதமானது என்று ரிசார்ட் எழுதியிருந்தது. இரண்டு கட்டத்துக்குள்ளும் அது வந்துவிட்டது.

கிளைம் காலம் ஒரு வருடத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று பல வங்கிகள் கேட்பதற்கு, ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் 2013இல் அமலுக்கு வந்த திருத்தம் காரணம். அந்த ஒரு வருடத்துக்கும் பொதுவாக கமிஷன் உண்டு. எஃப்டியும் அதுவரை பிடிப்பில் இருக்கும். ஏஜென்ட் இதைச் சொல்லவே இல்லை.

"சுவர் நல்லா நிக்குது, போட்டோ இருக்கு" என்றார் மச்சான். ஆனால் அந்த வாசகத்தில் "எந்த ஆட்சேபமும் இன்றி, கேட்டவுடன்" என்று இருக்கிறது. தாமதம் நடந்ததா என்பதில் ரிசார்ட் சொல்வதே முடிவு என்றும் இருக்கிறது. பேங்க் போட்டோ பார்க்காது. மோசடி அல்லது ஈடுகட்டவே முடியாத இழப்பு என்று காட்டினால் ஒழிய கோர்ட்டும் பெரும்பாலும் தடுக்காது. ரிசார்ட் மீது தனியாக வழக்குப் போட்டுத்தான் மீட்க வேண்டும்.

இப்போது மச்சான் குன்னூர் வேலைக்கு இன்னொரு கியாரண்டி கொடுக்க வேண்டும். இந்த முறை நாங்களே வாசகத்தைத் திருத்திக் கேட்டிருக்கிறோம். பணம் கேட்கும் கடிதத்தில் கையெழுத்திடும் பதவி எது என்று எழுத வேண்டும். என்ன குறை, எவ்வளவு தொகை என்று கடிதத்தில் குறிப்பிட வேண்டும். பேங்குக்குப் போகுமுன் எங்களுக்கு 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும். கடைசியாகக் கேட்டதை குன்னூர் தரப்பு ஏற்கவில்லை. மற்ற இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் அசல் பத்திரத்தை விடுவிப்புக் கடிதத்தோடு திரும்ப வாங்கிவிட்டால், கிளைம் தேதி வரை எஃப்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.