வகுப்பாசிரியரின் விடுப்பு அறிவிப்பு: வாட்ஸ்அப் குழுவா, டைரிச் சீட்டா?

ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராகவும் கணித ஆசிரியராகவும் இருக்கும் நான், வீட்டுத் திருமணத்துக்காகப் புதன் முதல் வெள்ளி வரை விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. அதைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பதா, மாணவர் டைரியில் ஓரத்தில் மட்டும் ஒட்டும் அச்சிட்ட சீட்டாகக் கொடுப்பதா என்று யோசித்து, சீட்டையே தேர்ந்தெடுத்தேன். முன்கூட்டியே தெரிந்த விடுப்பு என்றால் இனியும் அதையே செய்வேன்.

வாட்ஸ்அப்பின் வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நன்றி, ஓகே என்று பதில்கள் குவிந்து அறிவிப்பு மேலே போய்விடும் என்று பலர் குறை சொல்வார்கள். நிர்வாகி மட்டுமே எழுதும்படி குழுவை அமைத்து, அறிவிப்பை 7 நாட்கள் குழுவின் உச்சியிலேயே நிற்கும்படி 'பின்' செய்து வைத்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. வியாழக்கிழமை மாலை ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் எழுத உட்காரும்போதும், அன்று காலை மாற்று ஆசிரியர் வகுப்புக்குள் நுழையும்போதும், அந்த அறிவிப்பு யார் கையில் இருக்கிறது? குழுவில் இருக்கும் எண் பெரும்பாலும் தந்தையுடையது. அவர் இரவுப் பணிக்குப் போனால் செய்தியும் அவருடனே போய்விடுகிறது. மாற்று ஆசிரியரோ அந்தக் குழுவிலேயே இருப்பதில்லை. செய்தித் தகவலைத் திறந்தால் எந்த எண்ணில் படிக்கப்பட்டது என்று தெரியும். பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. டைரியோ காலையில் வகுப்பறையிலும் மாலையில் வீட்டிலும் பிள்ளையோடே இருக்கிறது. ஆகவே மாணவர், பெற்றோர், மாற்று ஆசிரியர் மூவரும் ஒரே எழுத்தைத்தான் பார்க்கிறார்கள்.

ஏ4 தாளை நான்காக வெட்டினால் வருகிற அளவே சீட்டுக்குப் போதும். நான் கொடுத்தது இப்படி இருந்தது:

"சொந்தக் காரணத்தால் புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களும் நான் விடுப்பில் இருப்பேன். காலை வருகைப்பதிவை அறிவியல் ஆசிரியர் எடுப்பார். விடுப்புக் கடிதங்களை அவரிடமே கொடுக்கவும். கணிதப் பாடவேளையில் புதனும் வெள்ளியும் அறிவியல் ஆசிரியரும், வியாழன் உடற்கல்வி ஆசிரியரும் வகுப்பில் இருப்பார்கள். வீட்டுப்பாடம்: புதன், நேர் விகிதக் கணக்குகள் நான்கு, வியாழன், எதிர் விகிதக் கணக்குகள் மூன்று, வெள்ளி, இரண்டையும் கலந்து ஐந்து. கணக்குகள் பின்பக்கத்தில் உள்ளன. திங்களன்று நானே திருத்துவேன். பெற்றோர் கையொப்பம்:"

விடுப்புக்கான காரணத்தை இதற்கு மேல் விரிக்கத் தேவையில்லை. பெற்றோருக்கு வேண்டியது தேதி, பொறுப்பாளர், வேலை, திரும்பும் நாள் ஆகியவைதான். மாற்று ஆசிரியர்களின் பெயரையோ பாடத்தையோ அச்சிடும் முன், தலைமையாசிரியர் அலுவலகத்தில் மாற்றுப்பணி ஒதுக்கீட்டை உறுதிசெய்துகொள்ள வேண்டும்; நாமாகப் பேசி வைத்த ஏற்பாடு அங்கே மாறியிருக்கக்கூடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குள்தான் திருத்த முடியும் என்பதால், அதற்குப் பிறகு வரும் மாற்றத்துக்கு இன்னொரு செய்தி அனுப்ப வேண்டியிருக்கும்; சிலர் முதல் செய்தியைத்தான் பிள்ளையிடம் சொல்லியிருப்பார்கள். சீட்டில் என்றால் மாற்று ஆசிரியரே வகுப்பில் அந்த வரியை அடித்துத் திருத்தி எழுதச் சொல்லலாம்.

வீட்டுப்பாடம் ஏற்கெனவே நடத்தி முடித்த பகுதியிலிருந்தே இருக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். 5 நோட்டுகளின் விலை 60 ரூபாய் என்றால் 8 நோட்டுகளின் விலை என்ன என்ற கணக்கில், ஒரு நோட்டு 12 ரூபாய் என்று கண்டு 96 ரூபாய்க்கு வரும் முறையை வகுப்பில் பழகிய பிள்ளை தனியாகவே எழுதிவிடும். நடத்தாத பாடத்தைக் கொடுத்தால், வீட்டில் ஒருவர் ஒரு முறையும் டியூஷனில் இன்னொருவர் வேறு முறையும் சொல்லித் தர, திங்களன்று குழப்பத்தை அவிழ்ப்பதிலேயே பாடவேளை போய்விடும். விடைகளை மட்டும் எழுதிய தாளை மாற்று ஆசிரியரிடம் கொடுத்துவிட்டால், கணிதம் அவருடைய பாடமாக இல்லாவிட்டாலும் சரிபார்ப்பது சிரமமாக இருக்காது.

கையொப்பம் வாங்குவதற்காகச் சீட்டைத் திங்களன்றே கொடுத்துவிட வேண்டும். செவ்வாய்க் காலை வகுப்புத் தலைவர் டைரிகளைப் பார்த்து, கையொப்பம் இல்லாதவர்களின் பெயர்களை எழுதித் தந்தால், அந்தச் சில வீடுகளுக்கு மட்டும் தொலைபேசியில் பேசிவிடலாம். திங்களன்று பள்ளிக்கு வராதவர்களும் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடுவார்கள்.

விடியற்காலையில் திடீரென்று காய்ச்சலோ துக்கச் செய்தியோ வந்தால் சீட்டுக்கு வழியில்லை. அப்போது தலைமையாசிரியருக்குச் சொன்ன கையோடு குழுவில் இரண்டு வரி போடுவதுதான் முறை. அந்த நாளுக்கு வீட்டுப்பாடம் எதையும் குழுவில் போடாமல், மாற்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதி டைரியில் குறிக்கச் சொல்வதே நல்லது. மேல்நிலை வகுப்புகளுக்கு நான் வகுப்பாசிரியராக இருந்ததில்லை; சொந்தக் கைபேசி வைத்திருக்கும் மாணவர்கள் அங்கே அதிகம் என்பதால், அவர்களுக்குக் குழுச் செய்தியே போதுமானதாக இருக்கலாம்.