என் பெயரில் ஒரு போலிக் கணக்கு, புகார் செய்த பிறகும் போன 45,000 ரூபாய்

என் பெயரையும் என் படத்தையும் திருடி ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில் இயங்கிய போலிக் கணக்கைப் பற்றி அந்நிறுவனத்துக்குப் புகார் போய், “இக்கணக்கு எங்கள் விதிமுறைகளை மீறவில்லை” என்று பதிலும் வந்த மறுநாள் நண்பகலில், அதே கணக்கை நம்பி மதுரையிலுள்ள என் சித்தப்பா 45,000 ரூபாயை இழந்தார். புகார் செய்யாமல் இருந்து இப்படி நடந்திருந்தால் விதி என்று விட்டிருப்பேன். புகார் செய்த பிறகு நடந்ததால்தான் இந்தப் பதிவை இவ்வளவு கோபத்தோடு எழுதுகிறேன்.

கல்லூரி நண்பர் ஒருவர் மாலையில் அழைத்து, “புதுக் கணக்கு தொடங்கியிருக்கிறாயா?” என்று கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அவர் அனுப்பிய இணைப்பைத் திறந்தால், இந்தப் பக்கம் கிடைக்கவில்லை என்று வந்தது. போலிக் கணக்கைத் தொடங்கியவன் முதல் வேலையாக என்னைத் தடை செய்திருந்தான். யாருடைய முகத்தைத் திருடினார்களோ அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும்படி வைப்பதுதான் இவர்களுடைய வழக்கம். ஆகவே நண்பரே தம் கைப்பேசியில் அந்தப் பக்கத்தின் மூன்று புள்ளிகளைத் தொட்டு, புகார், வேறொருவர்போல் நடிப்பது, ஒரு நண்பர் என்று வரிசையாகத் தேர்ந்து, என் உண்மையான கணக்கைச் சுட்டிக்காட்டிப் புகாரளித்தார். என் பக்கத்திலும் எச்சரிக்கை ஒன்றை எழுதி வைத்தேன். இரவு பத்து மணிக்கெல்லாம் நண்பருக்கு அந்தப் பதில் வந்துவிட்டது. இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்த எந்த மனிதனும் அப்படி எழுதியிருக்க மாட்டான். ஒன்றில் பல ஆண்டுப் பதிவுகள் இருக்கின்றன, மற்றொன்று அந்த வாரம் பிறந்தது, படம் மட்டும் ஒன்றே.

சித்தப்பா எப்படி நம்பினார் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர் ஏமாளி அல்லர், வங்கிக் கணக்கை வரிக்கு வரி சரிபார்க்கும் ஓய்வுபெற்ற கணக்காளர். போலிக் கணக்கு அவரிடம் முதலில் பணம் கேட்கவே இல்லை. “சித்தப்பா, எப்படி இருக்கீங்க? முட்டிவலி குறைஞ்சுதா?” என்றுதான் தொடங்கியது. அவருடைய படம் ஒன்றின் கீழே நான் என்றோ எழுதியிருந்த நலம் விசாரிப்பைப் படித்து, உறவுமுறையையும் முட்டிவலியையும் அங்கிருந்தே எடுத்திருக்கிறார்கள். தம் அண்ணன் பிள்ளையைத் தவிர வேறு யார் இப்படிக் கேட்பார்கள் என்று அவர் நினைத்ததில் என்ன தவறு? அதன் பிறகுதான், “என் நண்பர் மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் அதிகாரி, திடீரென்று மாற்றல் ஆகிவிட்டது, குளிர்பதனப் பெட்டி, ஏசி, சோபா எல்லாம் ஆறு மாதமே ஆனவை, மலிவாகத் தருகிறார், உங்கள் எண்ணைக் கொடுக்கட்டுமா?” என்று வந்தது. அடுத்த சில நிமிடங்களில் சீருடை அணிந்த ஒருவரின் அடையாள அட்டைப் படத்தோடு ஓர் அழைப்பு. முன்பணம் 10,000, பொருளை லாரியில் ஏற்றிய படத்தைக் காட்டி 25,000, சோதனைச் சாவடியில் வண்டிக்குப் பாஸ் வாங்க வேண்டும், வீட்டில் இறக்கியதும் திரும்ப வந்துவிடும் என்று சொல்லி மேலும் 10,000. ஆக 45,000 ரூபாய். லாரி வரும் என்று மாலை வரை வாசலில் காத்திருந்து, அதன் பிறகுதான் என்னை அழைத்தார்.

உடனே இணையவழிப் பண மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைத்தோம். புகார் எண் கிடைத்தது, ஆனால் பணம் சேர்ந்த கணக்கிலிருந்து அதற்குள் எடுக்கப்பட்டுவிட்டது. வங்கியில், “நீங்களே ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள், நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்றார்கள். காவல் நிலையத்திலோ, பணம் போனது அவருக்கு, படம் போனது உங்களுக்கு, யார் மனு கொடுக்கப் போகிறீர்கள் என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் இருவருமே தனித்தனியே மனு கொடுத்துச் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதை மனுவிலேயே எழுதிக் கொடுத்தேன்.

இதற்கிடையே போலிக் கணக்கு அப்படியே உயிரோடு இருந்தது. பாதிக்கப்பட்டவருக்கென்று அத்தளம் வைத்திருக்கும் தனிப் படிவத்தில் என் ஓட்டுநர் உரிமத்தின் படத்தை இணைத்து அனுப்பினேன். அடையாளச் சான்றிலுள்ள பெயர் கணக்கிலுள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். உரிமத்தில் என் பெயருக்கு முன் அப்பாவின் முதலெழுத்து இருக்கிறது, கணக்கில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இந்த நிலைதான் இருக்கும் என்பது கோடிக்கணக்கில் நம்மிடமிருந்து சம்பாதிக்கும் நிறுவனத்துக்குத் தெரியாதா? மறுபடி எழுதினால், முன்பே கொடுத்த இணைப்பை மீண்டும் கொடுங்கள் என்று ஒரு பதில்.

கடைசியில் வேலை செய்தது வேறொரு வாசல். 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இத்தகைய தளங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியைத் தளத்திலேயே வெளியிட வேண்டும். ஆள்மாறாட்டம் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால், அதை அகற்ற அவ்விதிகள் 2021இல் வகுத்த கெடு 24 மணி நேரம். அந்த அலுவலரின் பக்கம் உதவிப் பகுதியின் அடியில், யாரும் போகாத மூலையில் கிடந்தது. விதி 3(2)(b)-யைக் குறிப்பிட்டு, போலிக் கணக்கின் இணைப்பு, என் கணக்கின் இணைப்பு, சி.எஸ்.ஆர். எண், முதலெழுத்து பற்றிய ஒரு வரி விளக்கம் ஆகியவற்றோடு எழுதினேன். மறுநாள் கணக்கு மறைந்தது. அதே படம், அதே பெயர், அதே சான்று. இதை முதல் நாள் இரவே செய்திருந்தால் சித்தப்பாவின் 45,000 ரூபாய் அவரிடமே இருந்திருக்கும். மன்னிப்பு என்று ஒரு வரிகூட அந்நிறுவனத்திடமிருந்து வரவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். புகார் செய்வதற்கு முன்பே போலிப் பக்கத்தையும் உரையாடலையும் இணைய முகவரியோடு, தேதி தெரியும்படி திரைப்பிடிப்பாக எடுத்து வையுங்கள், கணக்கு நீக்கப்பட்டால் அந்தப் பக்கத்தை மறுபடி திறக்க முடியாது. பெயரை அவர்கள் இடையில் மாற்றிவிடுவார்கள் என்பதால் பெயரை மட்டும் குறித்து வைப்பதில் பயனில்லை, இணைப்பு முழுவதும் வேண்டும். நீக்கிய தகவலைத் தளம் 180 நாட்கள்தான் விசாரணைக்காக வைத்திருக்கக் கடமைப்பட்டது, ஆகவே காவல்துறை அதற்குள் கேட்கும்படி பின்தொடருங்கள். நூறு பேரைத் திரட்டிப் புகார் போடச் சொல்வதைவிட, குறைதீர் அலுவலருக்கு ஒழுங்காக எழுதிய ஒரு கடிதம் மேல். அவரும் கைவிரித்தால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் gac.gov.in என்ற தளத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நண்பர் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வைக்காதீர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு போலிக் கணக்கை நீக்கித் தருவதாக உள்பெட்டியில் வருபவர்களுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள், எனக்கு இரண்டு பேர் வந்தார்கள்.

இன்று காலை என் படத்தோடு இன்னொரு கணக்கு வந்திருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. அது நான் அல்லன். என் பெயரில் யாராவது சோபா விற்றால், என் பழைய எண்ணுக்கு அழைத்துக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.