பெட்ரோல் கேனை டிக்கியில் வைத்து நிரப்பலாமா, தரையில் இறக்க வேண்டுமா?

குழாய், வடிகட்டி வழியே வேகமாக ஓடும்போது பெட்ரோல் நிலைமின்னை ஏற்றிக்கொள்கிறது. மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும் திரவம் என்பதால், அந்த மின்னூட்டம் பெட்ரோலோடு சேர்ந்து கேனுக்குள் வந்துவிடுகிறது. பிறகு அது எங்கே போகிறது என்பதில்தான் இரண்டு இடங்களும் வேறுபடுகின்றன.

டிக்கியின் கம்பள விரிப்பில் ஓர் உலோகக் கேன் இருக்கிறது, நாசில் அதைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். கேனின் மின்தேக்குத்திறன் 20 பிக்கோஃபேரட், மின்னழுத்தம் 10,000 வோல்ட் வரை ஏறினால் சேரும் ஆற்றல் 1 மில்லிஜூல். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கக் கால் மில்லிஜூல் அளவே போதும்.

அதே கேன் கான்கிரீட் தரையில் இருந்தால்? கான்கிரீட் நல்ல கடத்தி இல்லையே என்று கேட்கலாம். நல்ல கடத்தி தேவையே இல்லை. மின்தடை 100 கோடி ஓம் இருந்தாலும் 0.02 நொடிக்குள் மின்னூட்டத்தின் பெரும்பகுதி வடிந்துவிடும். விரிப்பின் தடை இதைப்போல் ஆயிரம் மடங்கானால் அதற்கே 20 நொடி ஆகும்; அதற்குள் குழாய் இன்னும் ஏற்றிவிடும். தரையில் அட்டையோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டு அதன்மேல் கேனை வைத்தால், இறக்கிய பலன் போய்விடும்.

பிளாஸ்டிக் கேன் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். ஓரளவுக்குத்தான் சரி. அதன் மேற்பரப்பில் மின்னூட்டம் திட்டுத்திட்டாகத் தங்கும், ஒரே பொறியில் முழுவதும் வெளியேறாது. தரையோடு மின்தொடர்பில்லாத உலோகக் கேனோ சேர்த்ததையெல்லாம் ஒரே பொறியில் கொட்டிவிடும். ஆகவே விரிப்பின்மேல் இரண்டில் மோசமானது உலோகம். தரையில் வைத்தால் நிலைமை தலைகீழ்: உலோகத்தில் மின்னூட்டம் உடனே வடியும், பிளாஸ்டிக்கில் மெதுவாகவே வடியும். ஆனாலும் அதையும் தரையில்தான் நிரப்ப வேண்டும். வண்டிக்குள் தேங்கும் ஆவி இன்னொரு காரணம்: அது காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது.

பொறி பெரும்பாலும் கேனின் வாயருகே, நாசில் நெருங்கும்போதோ விலகும்போதோ பாய்கிறது. கேனுக்குள் ஆவி எரிய முடியாத அளவுக்கு அடர்ந்திருக்கலாம்; ஆனால் வாயருகே காற்றோடு கலந்து, எரியக்கூடிய 1.4 முதல் 7.6 சதவீத அளவுக்குள் வந்துவிடும். எனவே பெட்ரோலைத் திறந்துவிடுவதற்கு முன்பே நாசிலின் உலோகத்தைக் கேனின் வாயில் பதியவிட்டு, நிரப்பி முடியும்வரை எடுக்காதீர்கள். நாசில் குழாய் வழியே பூமியோடு இணைந்திருப்பதால் இதுவும் ஒரு வடிகால்தான். உலோகக் கேனில் பெயிண்ட் இல்லாத இடத்தைத் தொட வேண்டும். பிடியைக் கையால் அழுத்தியபடி மெதுவாக ஊற்றி, 95 சதவீதத்தில் நிறுத்துங்கள்.

தீப்பிடித்துவிட்டால் நாசிலை உருவாதீர்கள், எரியும் பெட்ரோல் சிதறும். பிடியை விட்டுவிட்டு விலகி, பம்பின் அவசர நிறுத்த விசையை அழுத்துங்கள்.