6 இலட்சம் முற்கூட்டிக் கட்டியும் 448,000 ரூபா போகப் பார்க்கிறது, லோன் உள்ளவர்கள் வாசியுங்கள்

நேற்றுப் பின்னேரம்தான் விஷயம் எனக்குப் பிடிபட்டது. இரவு நித்திரையே இல்லை. பகுதிக் காசு கட்டின பிறகு தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்று எப்படி முடிவெடுப்பது என்பதை ஆறுதலாக, படிப்படியாக எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன், ஆனால் இப்போது முதலில் நடந்ததைச் சொல்லாமல் என்னால் முடியவில்லை.

நான் திருகோணமலையில் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. உப்புவெளிப் பக்கம் வீடு கட்டுவதற்காக நகரத்தில் உள்ள ஒரு நிதி நிறுவனத்தில் 30 இலட்சம் லோன் எடுத்தோம், என் பெயரும் கணவரின் பெயரும் சேர்த்து. வருடத்துக்கு 15 வீத வட்டி, மாறாத வட்டி, குறைந்து செல்லும் மிகுதிக்கு வட்டி கணக்கிடுகிற முறை, 120 மாதம். மாதத் தவணை 48,400 ரூபா. 36 தவணை ஒரு நாள் பிந்தாமல் கட்டினேன். மிச்சம் இருந்த முதல் 2,508,217 ரூபா.

எனக்கு 60 வயதாகி ஓய்வுபெற இன்னும் 4 வருடமும் 8 மாதமும்தான். அதற்குள் இந்தக் கடன் முடிய வேண்டும் என்பதுதான் வீட்டில் ஒரே கதை. சீட்டு எடுத்த காசு, கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பினது, ஒரு சோடி காப்பு விற்றது, எல்லாம் சேர்த்து 6 இலட்சம். அதை எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே கவுண்டரில் இருந்தது எங்கள் பாடசாலையில் படித்த பிள்ளை. கண்டதும் எழும்பி நின்று கதிரை தந்தது, தேத்தண்ணி குடிக்கிறீங்களா டீச்சர் என்று கேட்டது. நான் தெளிவாகச் சொன்னேன், தம்பி, எனக்குக் காலம் குறைய வேண்டும், தவணை இப்படியே இருக்கட்டும். “ரெண்டும் ஒண்டுதான் டீச்சர், 6 இலட்சத்துக்கு உரிய வட்டி எப்படியும் குறையும்தானே, நீங்க கீழ சைன் வையுங்க, மிச்சத்தை நான் நிரப்புறன்” என்றது. அந்தப் படிவத்தில் கீழே இரண்டு கட்டம் இருந்தது, ஒன்று தவணைக் குறைப்பு, மற்றது காலக் குறைப்பு. இரண்டும் வெறுமையாக இருக்கும்போதே கையொப்பம் வைத்துவிட்டு வந்தேன். பிரதி கேட்கவும் இல்லை. நான் படிப்பித்த பிள்ளை, அதில் என்ன சந்தேகம் வரும். முற்கட்டணக் கட்டணம் என்று 3 வீதம், 18,000 ரூபாவும் தனியாகக் கட்டினேன்.

சில நாளில் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது, புதிய தவணை 36,822 ரூபா என்று. உடனே கதைத்தேன். “குறைஞ்சது நல்லதுதானே டீச்சர்” என்று பதில். அப்படியானால் புதிய மீள்செலுத்தல் அட்டவணையைத் தா என்று கேட்டு மூன்று கிழமை அலைந்தேன். பிரின்டர் வேலை செய்யவில்லை, முகாமையாளர் லீவு, நாளைக்கு வாங்க. நேற்றுத்தான் கையில் கிடைத்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன், 84 வரி. கடைசித் தவணையின் திகதி பழைய அட்டவணையில் இருந்த அதே திகதி. 6 இலட்சம் கட்டியும் ஒரு மாதம்கூடக் குறையவில்லை!

சரி, கணக்குக்கு வருகிறேன். பழைய அட்டவணையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வட்டி, முதல் என்ற இரண்டு நிரல்களை மட்டும் பாருங்கள், அது போதும்.

6 இலட்சம் கட்டாமல் விட்டிருந்தால் என் 37ஆவது தவணையில் வட்டிக்குப் போவது 31,353, முதலில் கழிவது 17,047. கட்டின பிறகு மிச்ச முதல் 1,908,217, அதற்கு ஒரு மாத வட்டி 23,853. இந்த வட்டி எந்த வழியை எடுத்தாலும் ஒன்றுதான். அந்தப் பிள்ளை சொன்ன “ரெண்டும் ஒண்டுதான்” இந்த ஒரு வரிக்கு, இந்த முதல் மாதத்துக்கு மட்டும் உண்மை. நான் 48,400ஐயே கட்டிக்கொண்டு போனால் முதலில் கழிவது 24,547. தவணையை 36,822 ஆக்கினால் கழிவது 12,969. திரும்ப ஒருக்கால் வாசியுங்கள். 6 இலட்சம் கட்டுவதற்கு முன்பு மாதம் 17,047 கழிந்துகொண்டிருந்த கடன், கட்டின பிறகு 12,969தான் கழிகிறது. அதாவது முன்பைவிட மெதுவாக அடைகிறது. கட்டின காசின் பலனை எடுத்து மாதாமாதம் என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டார்கள், கடனுக்குள் அது வேலை செய்யவில்லை.

ஒருவருக்கும் தெரியாத சூத்திரம் இல்லை இது, எக்செலில் இரண்டு வரி. எங்கள் பாடசாலை கணித ஆசிரியர் காட்டித் தந்தார்:

```
=NPER(15%/12,-48400.49,1908217)
=PMT(15%/12,84,-1908217)
```

முதலாவது 54.65 என்று வரும், அதாவது தவணையை மாற்றாமல் விட்டால் 54 முழுத் தவணை, 55ஆவது மாதம் 31,522 ரூபாவோடு கடன் முடிகிறது. எனக்கு ஓய்வு வர ஒரு மாதத்துக்கு முன்பு. இரண்டாவது 36,822 என்று வரும், அதுதான் இவர்கள் எனக்குத் தந்த தவணை, 84 மாதமும் அப்படியே.

இனி மொத்தம். காலம் குறைந்திருந்தால் இனிக் கட்டப்போகும் வட்டி சுமார் 737,000. தவணை குறைந்த வழியில் சுமார் 1,185,000. வித்தியாசம் 448,000 ரூபா. இதை வேறு விதமாகவும் சரிபார்த்தேன், ஏனென்றால் என்னாலேயே நம்ப முடியவில்லை. தவணை குறைந்ததால் 54 மாதத்தில் என் கையில் மிஞ்சுவது மாதம் 11,578 வீதம் 625,000 வரை. ஆனால் அதற்குப் பதிலாக 55ஆவது மாதத்தில் 5,300 கூடக் கட்டி, அதன் பிறகு இன்னும் 29 மாதம் 36,822 வீதம் கட்ட வேண்டும், மொத்தம் 1,073,000. கழித்துப் பாருங்கள், அதே 448,000. அந்த 29 மாதமும் ஓய்வூதியத்தில் இருந்து போகும்.

தவணைக் குறைப்பு எல்லோருக்கும் பிழை என்று நான் சொல்லவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிலாவெளியில் சுற்றுலாப் பருவத்தை நம்பி அறை வாடகைக்கு விடுபவருக்கும், கடலுக்குப் போகும் குடும்பத்துக்கும், 48,400 கட்ட முடியாத மாதங்கள் வரும், தவணை தவறினால் தண்ட வட்டி வரும், அவர்களுக்கு 36,822 ஒரு பாதுகாப்பு. வேறு இடத்தில் இதைவிடக் கூடிய வட்டிக்குக் கடன் இருந்தால், மிஞ்சும் 11,578ஐ அங்கே கட்டி அதை முதலில் முடிப்பதும் சரி. கையில் மிஞ்சுவதை மாதாமாதம் இதே லோனின் முதலில் கழிக்க விட்டால் இரண்டு வழியும் ஒரே மாதத்தில்தான் முடியும், அதுவும் உண்மை. ஆனால் என் இடத்தில் விடுகிறார்களா? பகுதிக் காசு என்றால் குறைந்தது ஒரு இலட்சம் இருக்க வேண்டுமாம், ஒவ்வொரு முறையும் 3 வீதமாம். சும்மா கூடக் கட்டினால் அதை அடுத்த மாதத் தவணைக்கான முற்பணமாக வைத்துக்கொள்வார்கள், முதலில் ஒரு சதம் கழியாது. மாதச் சம்பளம் நிச்சயமாக வருகிற, 48,400 கட்டிப் பழகின என்னைப் போன்றவருக்கு இதில் என்ன நன்மை?

நேற்றே திரும்பிப் போய்க் கேட்டேன். முதலில் “சிஸ்டத்தில் அப்படித்தான் வரும்”. பிறகு தலைமை அலுவலகத்துக்கு எடுக்கச் சொன்னார்கள், மூன்று பேருக்கு மாற்றி மாற்றித் தந்து கடைசியில் “கிளையில் கதையுங்க மிஸ்”. முகாமையாளர் படிவத்தை எடுத்துக் காட்டினார், தவணைக் குறைப்பு என்ற கட்டத்தில் அடையாளம், கீழே என் கையொப்பம். “நீங்கள் சம்மதித்ததுதானே.” மாற்றுவதென்றால் புது ஒப்பந்தம், 25,000 கட்டணம். 448,000க்கு முன்னால் 25,000 சின்னத் தொகை, வேறு வழி இல்லாவிட்டால் அதைக் கட்டியாவது மாற்றுவேன், ஆனால் அவர்கள் நிரப்பின கட்டத்துக்கு நான் ஏன் கட்ட வேண்டும்? அந்தப் பிள்ளை முழு நேரமும் கணினியைப் பார்த்துக்கொண்டு இருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. காசைவிட அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விளக்கமாக எழுத நினைத்த ஆலோசனை எல்லாம் இப்போது இவ்வளவுதான், நேரமில்லை. வெறும் கட்டம் உள்ள படிவத்தில் கையொப்பம் வைக்காதீர்கள், நீங்களே அடையாளம் போட்டு, அங்கேயே பிரதி எடுங்கள். காசு கொடுக்க முன்பு இரண்டு வழிக்கும் அட்டவணை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள், கடைசித் திகதியையும் முதல் வரியில் முதலில் கழியும் தொகையையும் பாருங்கள். கட்டின அன்றே மிச்ச முதல் குறைந்ததா என்று பாருங்கள், முற்பணம் என்று இருந்தால் விடாதீர்கள். ஃப்ளாட் ரேட் லோன் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்கு முழுத் தீர்வுத் தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

நாளை காலை எழுத்து மூல முறைப்பாட்டோடு கிளைக்குப் போகிறேன், அட்டவணை இரண்டும் இணைத்து, வாங்கினதற்குப் பிரதியில் முத்திரையும் திகதியும் கேட்பேன். பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் 1935க்கு எடுப்பேன். அடுத்த தவணைக்கு இன்னும் 9 நாள் இருக்கிறது.