பனிக்குள் ஒரு வெள்ளைக் கார்: லாசோ, பாலிகன், பென் – நான்கு வருட அனுபவம்

குன்னூரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஹோம்ஸ்டே பங்களா, டூரிஸ்ட் டாக்சி, இவைதான் அதிகம் வரும். வெளுத்த பனி வானத்தை வெட்டிவிட்டு நீல வானம் வைத்துத் தர வேண்டும். நான்கு வருடமாக போட்டோஷாப்பில் இதே பிழைப்பு.

ஓரத்தைக் கையாலேயே சுற்றி வரைந்து வெட்டும் வெறும் லாசோவை முதல் மாதமே விட்டுவிட்டேன். கை ஆடுவதெல்லாம் அப்படியே ஓரத்தில் பதிந்துவிடும்.

பங்களாவுக்கு பாலிகன் போதும். மூலைக்கு மூலை கிளிக் செய்தால் ஐந்து நிமிடத்தில் முடியும். புள்ளி தப்பினால் Backspace. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. வைடு லென்ஸில் எடுத்த சுவர் கொஞ்சம் வெளிப்பக்கம் புடைத்திருக்கும். இரண்டு மூலையிலும் புள்ளி சரியாக விழுந்தும், நடுவில் சுவர் ஒரு கீற்று அறுபட்டுப் போகும். அதனால் முதலில் Lens Correction, பிறகுதான் வெட்டு.

காரையும் அப்படியே வெட்டிக் கொடுத்தேன். பிரிண்ட் வந்ததும் டாக்சிக்காரர் கேட்டார்: "ஏண்ணே, டயருக்கு மேல பல்லு பல்லா இருக்கே?" வளைவைக் குட்டிக் குட்டி நேர்கோடுகளால் சுற்றினால் வேறென்ன வரும்!

அப்புறம்தான் பென்னுக்கு வந்தேன். டயர் வளைவுக்கு மூன்று புள்ளி போதும். கிளிக் செய்து, ஓரம் போகும் திசையிலேயே இழுக்க வேண்டும்; புள்ளிக்கு இரண்டு பக்கமும் வளைவைத் தீர்மானிக்கும் கைப்பிடி நீளும். புள்ளி கூடினால் கோடு நெளியும். பானெட் முடிந்து கண்ணாடி தொடங்கும் இடம் போலச் சட்டென்று திரும்பும் இடத்தில், அதே புள்ளியில் Alt அழுத்தி ஒரு கிளிக்; முன்பக்கக் கைப்பிடி போய்விடும்.

பென்னின் அருமை வெள்ளைக் காரில்தான் தெரியும். பனியில் கூரையின் ஓரமே கரைந்திருக்கும். ஓரம் தெரிகிற இரண்டு பக்கமும் புள்ளி வைத்து, நடுவே வளைவை அதன் போக்கில் விட்டுவிடுவேன். பென்னால் வரைந்த கோட்டுப் பாதையை வெக்டர் மாஸ்க்காக மாற்றி, அடியில் கரும்பச்சை லேயர் ஒன்றைப் போடுவேன். வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிகிற இடத்தில் Ctrl பிடித்துப் புள்ளியை ஒரு பிக்சல் உள்ளே தள்ளினால் சரி. பாலிகனில் தேர்வு மூடியதுமே புள்ளிகள் போய்விடும், இப்படித் திருத்த வழியில்லை.

காருக்கு இருபது நிமிடமாவது ஆகும். ஒரு முறை அத்தனையும் வீணானது. வரைந்த பாதை Work Path என்ற பெயரிலேயே கிடந்தது. அதன் தேர்வை நீக்கிவிட்டு அடுத்த வண்டியை வரையத் தொடங்கினேன், பழையது அழிந்தது. இப்போது முதல் புள்ளிகள் விழுந்த கையோடு அந்தப் பெயரின் மேல் டபுள் கிளிக் செய்து, வண்டி நம்பரையே பெயராகக் கொடுத்துவிடுகிறேன்.