டி சோதனையா, இசட் சோதனையா: வினாவில் தரப்படும் திட்ட விலக்கம் யாருடையது?

பின்வரும் இரண்டு வினாக்களில் எண்கள் அனைத்தும் ஒன்றே.

முதல் வினா: “ஓர் இயந்திரம் 500 கிராம் சர்க்கரைப் பாக்கெட்டுகளை நிரப்புகிறது. அது நிரப்பும் எடையின் திட்ட விலக்கம் 8 கிராம் என்பது நீண்டகாலப் பதிவுகளிலிருந்து தெரியும். 16 பாக்கெட்டுகளின் சராசரி எடை 496 கிராம். இயந்திரம் சரியாக இயங்குகிறதா?”

இரண்டாம் வினா: “ஓர் இயந்திரம் 500 கிராம் சர்க்கரைப் பாக்கெட்டுகளை நிரப்புகிறது. 16 பாக்கெட்டுகளை எடுத்து நிறுத்ததில் சராசரி 496 கிராமாகவும் திட்ட விலக்கம் 8 கிராமாகவும் இருந்தன. இயந்திரம் சரியாக இயங்குகிறதா?”

எடைகள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுகின்றன என்று இரண்டிலும் கொள்வோம். இரண்டிலும் கணக்கிடும் மதிப்பு (496 − 500) / (8/√16) = −2 என்றே வருகிறது. ஆனால் 5 சதவீத முக்கியத்துவ நிலையில், இருபக்கச் சோதனையாக, முடிவுகள் எதிரெதிராக அமைகின்றன. முதல் வினாவுக்கு இசட் சோதனை பொருந்தும். அதன் எல்லை 1.96 என்பதால் இல் கருதுகோளை நிராகரிக்கிறோம். இரண்டாவதற்கு டி சோதனை. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 15-க்கு அட்டவணை தரும் எல்லை 2.131 என்பதால் நிராகரிக்க இயலாது.

இரண்டு வினாக்களையும் பிரிப்பது 8 என்ற எண்ணின் உரிமைதான். முதலாவதில் அது முழுமைத் தொகுதிக்கு உரியது. எந்த 16 பாக்கெட்டுகளை எடுத்தாலும் மாறாது. இரண்டாவதில் அது அந்த 16 பாக்கெட்டுகளுக்கு உரியது. வேறு 16 எடுத்திருந்தால் அது 6 ஆகவோ 10 ஆகவோ இருந்திருக்கலாம். சராசரி மட்டுமன்றி அதை வகுக்கும் எண்ணும் ஊசலாடுவதால், கிடைக்கும் மதிப்பு மையத்திலிருந்து வெகுதூரம் விலகும் வாய்ப்பு கூடுகிறது. அதை ஈடுசெய்யவே டி அட்டவணை எல்லையைத் தள்ளி வைக்கிறது. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட் 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் தீர்த்து வைத்த சிக்கல் இதுவே. அவருக்குக் கிடைத்தவை சிறிய மாதிரிகள் மட்டுமே.

ஆகவே வினாவைப் படிக்கும்போது திட்ட விலக்கம் என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்க்க வேண்டும். “என்பது தெரியும்”, “முந்தைய பதிவுகளின்படி”, “முழுமைத் தொகுதியின்” என்பவை இசட் சோதனையைச் சுட்டுகின்றன. “அம்மாதிரியில் காணப்பட்டது”, “நிறுத்ததில் கிடைத்தது” என்பவை டி சோதனையைச் சுட்டுகின்றன. திட்ட விலக்கமே தரப்படாமல் பத்து அளவீடுகள் மட்டும் வரிசையாகத் தரப்பட்டிருந்தால் அதை நாமேதான் கணக்கிட வேண்டும். எனவே அதுவும் டி சோதனைதான். “இயல்நிலைப் பரவல்” என்ற சொல்லைக் கண்டதும் பலர் இசட் சோதனைக்குத் தாவுவது வீண் அவசரம். சிறிய மாதிரியில் டி சோதனைக்கும் அதே அனுமானம் தேவை என்பதால் அந்தச் சொல் எந்தப் பக்கமும் சாயவில்லை.

மாதிரியின் அளவு 30-ஐ எட்டினால் இசட், இல்லாவிட்டால் டி என்ற மனப்பாட விதிதான் அதிகம் குழப்புகிறது. அதன் முதற்பாதி ஒரு தோராயம்: மாதிரி பெருகும்போது டி எல்லை 1.96-ஐ நெருங்குகிறது, 30 அளவீடுகளுக்கு 2.045, 100-க்கு ஏறத்தாழ 1.984. இந்தியப் பாடத்திட்டங்கள் பலவற்றில் ‘பெருங்கூறு சோதனை’ என்ற தலைப்பில் இந்தத் தோராயம் ஏற்கப்படுகிறது. ஆகவே அங்கே 64 அளவீடுகளும் மாதிரியின் திட்ட விலக்கமும் தரப்பட்டால் இசட் சோதனையையே எதிர்பார்ப்பார்கள். அமெரிக்காவின் ஏபி புள்ளியியல் தேர்விலோ அதே வினாவுக்கு டி சோதனையே எதிர்பார்க்கப்படும். விதியின் பிற்பாதி தோராயம்கூட அன்று, பிழை. முதல் வினாவில் 16 பாக்கெட்டுகள்தாம் உள்ளன என்பதற்காக அதில் டி சோதனையைச் செய்தால் கையிலிருக்கும் தகவலை வீணாக்குகிறோம்.

விகிதத்தைப் பற்றிய வினாக்களில் இந்தத் தேர்வே எழுவதில்லை. 400 பேரில் 220 பேர் ஆதரித்தனர் என்றால், இல் கருதுகோள் கூறும் விகிதத்திலிருந்தே திட்டப் பிழை கிடைத்துவிடுவதால் இசட் சோதனை போதும்.

டி சோதனை என்று முடிவு செய்த பிறகும் ஓர் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். மாதிரியின் திட்ட விலக்கத்தை n ஆல் வகுத்துக் கணக்கிடும் பாடநூல்கள் நம்மிடையே உள்ளன. அவை சூத்திரத்தில் √n-க்குப் பதில் √(n−1) இடுகின்றன. இரண்டாம் வினாவின் 8 அப்படிக் கிடைத்தது என்றால் மதிப்பு −4 / (8/√15), அதாவது சுமார் −1.94 ஆகும். இங்கே முடிவு மாறவில்லை. ஆனால் எல்லையை ஒட்டிய வினாவில் மாறக்கூடும். எனவே எந்த வகுத்தலைக் கொண்டோம் என்பதை விடைத்தாளில் ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது.