ரேம் சோதனை: சேர்த்து வைத்தா, ஒவ்வொன்றாகக் கழற்றியா?

கம்ப்யூட்டர் திடீர் திடீரென ரீஸ்டார்ட் ஆகிறது, சில நேரம் MEMORY_MANAGEMENT என்று ப்ளூ ஸ்கிரீன் வருகிறது என்றால் சந்தேகம் ரேம் பக்கம் போகும். சோதிக்க இரண்டு வழி. ரேம்களைக் கழற்றாமல் அப்படியே சோதனையை ஓடவிடலாம், அல்லது ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்து மாற்றி மாற்றிப் பார்க்கலாம். எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக்குகள். நான் இரண்டாவது வழியைத்தான் எடுத்தேன், இன்றும் அதைத்தான் சொல்வேன்.

முதல் வழி சுலபம். விண்டோஸில் mdsched.exe போதும், இன்னும் கறாராகப் பார்க்க MemTest86+ஐ பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க விடலாம். பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் தோல்விதான். ஆனால் எந்த ஸ்டிக் என்று அது சொல்லாது. இரட்டைச் சேனலில் தரவு இரண்டு ஸ்டிக்குகளுக்கும் மாறி மாறிப் பிரிந்து போவதால், திரையில் வரும் பிழை முகவரியை வைத்து இதுதான் அது என்று கை காட்ட முடியாது.

ஒவ்வொன்றாகச் சோதித்தால் அது தெரிந்துவிடும். முதலில் பயாஸில் ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் XMPயை அணைத்துவிட வேண்டும், ஏனென்றால் ஸ்டிக் நன்றாக இருந்து வேகம்தான் தாங்காமல் போகிறது என்றால் அதுவும் பழுது போலவே தெரியும். அப்புறம் பவரை எடுத்துவிட்டு, முதல் ஸ்டிக்கை A2 ஸ்லாட்டில் (பெரும்பாலான நான்கு ஸ்லாட் போர்டுகளில் சிபியுவிலிருந்து இரண்டாவது) வைத்துச் சோதிக்க வேண்டும். அடுத்து அதே ஸ்லாட்டில் மற்றது. எங்கள் கேஸில் முதலாவது சுத்தமாகத் தேறியது, இரண்டாவதில் பிழை கொட்டியது. அதையே B2வில் போட்டும் பிழை வந்தது, அதனால் ஸ்டிக்தான் என்று முடிவு. நல்ல ஸ்டிக்கை வைத்தாலும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால் ஸ்லாட்டையோ சிபியு சாக்கெட் பின்களையோதான் பார்க்க வேண்டும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. கழற்றி மாட்டுவதே பாதி வைத்தியம். ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள போர்டுகளில் கிளிப் இல்லாத முனை சரியாக இறங்காமலே இருந்துவிடும், பார்வைக்குத் தெரியாது, மேலோட்டமாக வேலையும் செய்யும். அதனால் இரண்டு முனையையும் அழுத்த வேண்டும். கழற்றி மாட்டியதும் இரண்டுமே தேறினால் கோளாறு தொடர்பில்தான் இருந்திருக்கும், இல்லையென்றால் XMP வேகத்தில். எது என்று அறிய XMPயை மறுபடி போட்டு, இரண்டையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்க்கலாம். அங்கேதான் முதல் வழி பயன்படும்.

ப்ளூ ஸ்கிரீனே வராமல் சட்டென்று அணைந்து எழுந்தால் பவர் சப்ளையையும் விட்டுவிடாதீர்கள். டிடிஆர்5இல் நான் அதிகம் கை வைத்ததில்லை, ஆனால் ரேம் மாற்றியதும் முதல் பூட்டில் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம், உடனே அணைத்துவிடக் கூடாது. லேப்டாப்பில் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருந்தால் முதல் வழிதான் கதி.